அக்ரிமெண்டில் மூன்று பேர், வீட்டில் ஆறு பேர்: ஓனரின் மெசேஜ் வந்ததும் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து வருடமாகச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது போனை நீட்டி, "அண்ணா, ஓனர் இப்படி அனுப்பியிருக்கார், என்ன பண்றது?" என்று கேட்கிறார். சில சமயம் ஓனர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் குறிப்பது, தமிழ்நாட்டில் 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறையில் இருக்கும், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை.

"அக்ரிமெண்ட்ல இல்லாதவங்க தங்கறதா தகவல் வந்திருக்கு, ரெண்டு நாள்ல விளக்கம் கொடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார். இது நோட்டீஸா?

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் இல்லை. ஆனால் வெறும் விசாரிப்பு என்றும் தள்ளிவிட முடியாது. பின்னால் விவகாரம் வளர்ந்தால், "இன்ன தேதியில் நான் கேட்டேன், இப்படிப் பதில் வந்தது, அல்லது பதிலே வரவில்லை" என்று ஓனர் எடுத்துக்காட்டப்போகும் முதல் காகிதம் இதுதான்.

மின்னணு வடிவில் இருக்கும் எழுத்தும் எழுத்துதான் என்று 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் கொடுக்க முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் வேண்டியிருந்தது. ஜூலை 2024 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதனால் மெசேஜை அழிக்காதீர்கள், கோபத்தில் குரல் பதிவு அனுப்பாதீர்கள். முதலில் அக்ரிமெண்டை எடுத்துப் படியுங்கள்.

அக்ரிமெண்ட்ல எந்த இடத்தைப் பார்க்கணும்?

மூன்று இடங்கள். முதல் பக்கத்தில் வாடகைதாரர் என்று யார் யார் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பது ஒன்று. அடுத்து, "குடியிருப்புக்கு மட்டும், வாடகைதாரரும் அவர் குடும்பத்தினரும்" என்றோ "அதிகபட்சம் மூன்று நபர்கள்" என்றோ வரும் வரி. கடைசியாக, உள்வாடகைக்கு விடக்கூடாது என்று கிட்டத்தட்ட எல்லா அக்ரிமெண்டிலும் இருக்கும் வரி. ஆள் எண்ணிக்கையை மீறியதும் உள்வாடகையும் இரண்டு வேறு குற்றச்சாட்டுகள். எது உங்கள் மேல் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே மாறும்.

எண்ணிக்கை பற்றி ஒரு வரியும் இல்லாத அக்ரிமெண்ட்களும் உண்டு. அப்போது ஓனரின் கை கொஞ்சம் தளர்வு. ஆனால் உள்வாடகை வரி அக்ரிமெண்டில் இல்லாவிட்டாலும், சட்டத்தின் 7ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது: ஓனரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விட முடியாது.

வாடகை ஒண்ணாம் தேதியே போட்டுடறோம். எத்தனை பேர் இருந்தா அவருக்கு என்ன?

கேட்பதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் தண்ணீரைப் பாருங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். மூன்று பேருக்கு 405 லிட்டர், ஆறு பேருக்கு 810. எங்கள் குடியிருப்பில் கோடை முழுக்க லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கிறோம். அதாவது உங்கள் வீட்டில் கூடுதலாகக் குளிக்கும் மூன்று பேரின் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவும் காசு கொடுக்கிறார். கழிவுநீர்த் தொட்டி, லிப்ட், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் இதே கதைதான்.

ஓனருக்குத் தனிக் கவலையும் இருக்கிறது. வாடகைதாரர் விவரப் படிவத்தைக் காவல்துறை கேட்பது ஓனரிடம்தான். அதில் மூன்று பேர் படமும் ஆதாரும் கொடுத்துவிட்டு, வீட்டில் முகமே தெரியாத மூன்று பேர் இருந்து ஏதாவது நடந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். இந்தப் பயம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவர் பெங்களூர்ல இருக்கார். அவருக்கு எப்படித் தெரிஞ்சது?

பெரும்பாலும் ஈபி பில்லில் இருந்து. மீட்டர் எண் ஓனர் பெயரில் இருக்கும், பில் மெசேஜ் அவர் போனுக்கும் போகும். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வந்த வீட்டில் திடீரென்று 610 வந்தால் யாருக்கும் கேள்வி எழும். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் அட்டவணையே மாறி, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் அதிகம் கட்ட வேண்டிவரும். பில் எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டர், செருப்பு ஸ்டாண்டு, மொட்டை மாடியில் காயும் துணி என்று மற்ற வழிகளும் உண்டு.

யார் போட்டுக்கொடுத்தது என்று தேடிப் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு நடப்பது, அந்தப் பக்கத்து வீட்டாரே ஓனருக்கு எழுதிக் கொடுப்பது. தேடாதீர்கள்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து ஒரு மாசமா இருக்காங்க. இதுவும் கணக்குல வருமா?

சாதாரணமாக வராது. பெற்றோர், மனைவி, குழந்தை உங்களோடு இருப்பதால் வீட்டின் மேல் உங்கள் பிடி யாருக்கும் கைமாறவில்லை. அக்ரிமெண்ட் போட்ட பிறகு பிறந்த குழந்தைக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கல்லூரியில் சேர்ந்த தங்கை வந்து தங்குவதும் அப்படித்தான் பார்க்கப்படும். ஆனாலும் "தங்கச்சி ரெண்டு வருஷம் இங்கதான் இருப்பா சார்" என்று ஒரு வரி அனுப்பிவைப்பது நல்லது. காவல்துறைப் படிவத்தில் சேர்க்க அவருக்கும் அது உதவும்.

விருந்தாளி எத்தனை நாள் விருந்தாளி என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. சில அக்ரிமெண்டில் 15 நாள் என்று போட்டிருப்பார்கள். இருந்தால் அதுதான் அளவு. இல்லாவிட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: அந்த ஆள் மெத்தை, துணி பீரோ எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறாரா, சாவி தனியாக வைத்திருக்கிறாரா, மாதப் பணம் கொடுக்கிறாரா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் அவர் விருந்தாளி இல்லை.

நாங்க ஷேரிங்ல இருக்கோம், அவ்வளவுதான். இதை ஏன் உள்வாடகைன்னு சொல்றார்?

இதுதான் இந்தப் பக்கத்தின் நடுமையம், அதனால் எங்கள் குடியிருப்பிலேயே நடந்த ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 24,000. அக்ரிமெண்டில் மூன்று பையன்கள், தலைக்கு 8,000. அப்புறம் ஒருவரோடு வேலை பார்க்கும் பையன் வந்தான், அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர். புதியவர்கள் மூவரும் தலைக்கு 5,500 என்று மொத்தம் 16,500 ரூபாயை அக்ரிமெண்டில் முதலில் பெயர் இருந்த பையனின் கணக்குக்கு அனுப்பினார்கள். பழைய மூவரும் மீதி 7,500க்குத் தலைக்கு 2,500 போட்டார்கள். ஓனருக்கு மாதாமாதம் 24,000 சரியாகப் போய்விட்டது. புதியவர்களுக்குச் சின்ன அறையைக் கொடுத்து, அதன் சாவியையும் அவர்களிடமே கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பையன்கள் தங்களை ரூம்மேட்ஸ் என்றுதான் மனதாரச் சொன்னார்கள். ஆனால் உள்வாடகையா என்று பார்க்கும்போது நீதிமன்றங்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இரண்டு. வீட்டின் ஒரு பகுதி, மற்றவர் தலையிட முடியாதபடி மூன்றாவது ஆளின் தனி வசத்துக்குப் போயிருக்கிறதா? அதற்குக் கைமாறாகப் பணம் வந்திருக்கிறதா? முதலில் நிரூபிக்க வேண்டியவர் ஓனர். மூன்றாவது ஆள் தனி வசத்தில் இருப்பதை அவர் காட்டிவிட்டால், "அது உள்வாடகை இல்லை" என்று விளக்க வேண்டிய சுமை உங்கள் மேல் வந்துவிடும். சின்ன அறை, தனிச் சாவி, வங்கிக் கணக்கில் மாதாமாதம் 16,500. இந்த மூன்றும் சேர்ந்தால் விளக்குவது கஷ்டம்.

இதே ஆறு பேர் எல்லா அறையையும் பொதுவாகப் பயன்படுத்தி, வாடகையைச் சமமாக 4,000 என்று பிரித்து, பழைய மூவரும் அங்கேயே குடியிருந்திருந்தால் அது உள்வாடகையைவிட, அக்ரிமெண்டில் சொன்ன எண்ணிக்கையை மீறியதாகத்தான் நிற்கும். அதுவும் தவறுதான், ஆனால் சரிசெய்துகொள்ளக்கூடிய தவறு. புதியவர்கள் அதிகமும் பழையவர்கள் குறைவும் கொடுத்ததுதான் ஓனரை மிகவும் காயப்படுத்தியது. "என் வீட்டை வெச்சு அவன் சம்பாதிக்கிறான்" என்று என்னிடம் சொன்னார்.

"ஃபிரெண்ட்ஸ் சும்மா வந்திருக்காங்க, அடுத்த வாரம் போயிடுவாங்க"ன்னு பதில் போட்டுடலாமா?

போடாதீர்கள். உண்மையிலேயே அடுத்த வாரம் போகிறவர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள். கேட் ரிஜிஸ்டரில் மூன்று மாதமாக அதே பெயர்கள், அதே வண்டி எண்கள் இருக்கும்போது இந்த ஒரு வரி உங்களைப் பொய் சொன்னவராக்கிவிடும். ஆள் கூடியதை மன்னிக்கத் தயாராக இருந்த ஓனர்கள்கூடப் பொய்யைக் கண்டதும் "காலி பண்ணுங்க" என்று மாறியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, என்னதான் எழுதி அனுப்பறது?

யார், எந்தத் தேதியிலிருந்து, என்ன செய்யப்போகிறீர்கள். இந்த மூன்றும் போதும். எங்கள் பையன்களுக்கு எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

> வணக்கம் சார். உங்கள் மெசேஜ் பார்த்தோம். அக்ரிமெண்டில் உள்ள நாங்கள் மூவரும் இங்கேயேதான் இருக்கிறோம். எங்களுடன் ஜனவரி 5 முதல் ஒருவரும், பிப்ரவரி 10 முதல் இருவரும் தங்கியிருக்கிறார்கள். உங்களிடம் முன்பே கேட்காதது எங்கள் தவறு. மூவரின் பெயர், வேலை செய்யும் இடம், அடையாள அட்டை நகல் இணைத்திருக்கிறோம். இவர்களில் இருவர் 30 நாளில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். ஒருவரை மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். சரி என்றால் அக்ரிமெண்டில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பேச முடியுமா?

இதில் "உள்வாடகை" என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அதற்குச் சட்டப் பெயர் நீங்கள் வைக்க வேண்டாம். 30 நாள் என்று எழுதினால் 30 நாளில் அனுப்பியே ஆக வேண்டும். முடியாதென்றால் 45 என்று எழுதுங்கள்.

போன வருஷமே போன்ல சொன்னோம், "சரிப்பா, பாத்துக்கோங்க"ன்னார். இப்ப மாத்திப் பேசறார்.

சட்டம் எழுத்தில் முன் அனுமதி கேட்கிறது என்று மேலே சொன்னேன். வாயால் சொன்ன "சரி" அந்த இடத்தை நிரப்பாது. ஆனால் அது வீண் என்றும் நினைக்காதீர்கள். அந்த நாளுக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்து எல்லோரையும் பார்த்திருந்தால், நான்காவது பையனின் ஆதாரை வாங்கியிருந்தால், தண்ணீருக்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தால், ஒளித்து வைக்கவில்லை என்றாவது உங்களால் காட்ட முடியும்.

இனிமேல் போனில் எது பேசினாலும் அரை மணி நேரத்துக்குள் "இப்ப பேசினபடி, நாலாவது ஆளா இன்னார் இருக்க நீங்க சம்மதிச்சதுக்கு நன்றி சார்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். அவர் கட்டைவிரல் காட்டினாலே ஒன்றும் இல்லாததைவிட மேல், "ஓகே" என்று எழுதினால் இன்னும் மேல்.

ஒரு ஆளுக்கு மாசம் 2,000 கூடக் கொடு, இருந்துக்கோங்கன்னு சொல்றார். கேட்கலாமா அவர்?

கேட்கலாம். கட்டாயப்படுத்த முடியாது. அக்ரிமெண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடகையை அதில் எழுதியபடிதான் மாற்றலாம். "கூடுதல் நபருக்கு இவ்வளவு" என்று அதில் இல்லாவிட்டால் உங்கள் சம்மதம் வேண்டும். அதேபோல், அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்று அவரையும் நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. ஆக இது பேரம்தான்.

தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் ஆகும் கூடுதல் செலவை ஒட்டித் தொகை இருந்தால் ஒத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் எழுதாமல் கொடுக்காதீர்கள். பணம் மட்டும் வாங்கிக்கொண்டு அக்ரிமெண்டைத் தொடாவிட்டால், நாளை அதே ஆளைக் காட்டி அவர் காலி செய்யச் சொல்லும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

புது ஆளைச் சேர்க்கணும்னா முழு அக்ரிமெண்டும் திரும்பப் போடணுமா?

வேண்டியதில்லை. பழைய அக்ரிமெண்டின் தேதியைக் குறிப்பிட்டு, "இன்னாரை இன்ன தேதி முதல் வாடகைதாரராகச் சேர்க்கிறோம், மற்ற நிபந்தனைகள் அப்படியே" என்று ஒரு துணை ஒப்பந்தம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும். பழைய அக்ரிமெண்டை `tenancy.tn.gov.in` தளத்தில் பதிந்திருந்தால், மாற்றத்தையும் இந்தச் சட்டப்படி அக்ரிமெண்ட்களைப் பதியும் வாடகை அதிகாரியிடம் தெரிவித்துவிடுங்கள். முதலிலேயே பதியாமல் 11 மாத நோட்டரி பத்திரத்தோடு நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். ஆள் சேர்க்கும்போது புது அக்ரிமெண்டாகவே போட்டுப் பதிவதற்கு இது நல்ல வாய்ப்பு.

ஒன்றை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். புதியவர் "வாடகைதாரர்" என்று சேர்கிறாரா, "உடன் தங்க அனுமதிக்கப்பட்டவர்" என்று சேர்கிறாரா? வாடகைதாரர் என்றால் வாடகை பாக்கிக்கும் சேதத்துக்கும் அவரும் பொறுப்பு, வீட்டில் அவருக்கும் உரிமை. உடன் தங்குபவர் என்றால் அவர் செய்யும் சேதமும் உங்கள் தலையில்தான். நெருங்கிப் பழகாத ஆளாக இருந்தால் முதல் வழிதான் நல்லது.

சொல்லாம கொள்ளாம வந்து கதவைத் திறந்து எத்தனை பாய் இருக்குன்னு எண்ணறார். தண்ணி மோட்டாரை நிறுத்திடுவேன்னும் சொல்றார்.

இரண்டும் தப்பு. வீட்டைப் பார்க்க வருவதென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காரணமும் நேரமும் குறிப்பிட வேண்டும். மாற்றுச் சாவி இருக்கிறது என்பதற்காக நீங்கள் இல்லாதபோது உள்ளே வர முடியாது. "சார், நாளைக்கு மறுநாள் சாயந்திரம் வாங்க, நாங்க எல்லாரும் இருப்போம்" என்று பதில் போடுங்கள். முறையாகக் கேட்டால் தடுக்காதீர்கள்.

தண்ணீர், மின்சாரம், லிப்ட் போன்றவற்றை நிறுத்துவதைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு நேராகவே தடைசெய்கிறது. நீங்கள் எண்ணிக்கையை மீறியிருந்தாலும் அந்த உரிமை அவருக்கு வந்துவிடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பதில் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான்: ஓனர் கேட்டார் என்று நாங்களும் வால்வை மூடக்கூடாது. ஒருமுறை என்னிடமே கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரத்துல காலி பண்ணலைன்னா சாமானை வெளிய போட்டுடுவேன்னா?

முடியாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. 21ஆம் பிரிவில் வரும் காரணங்களில் ஒன்று, எழுத்தில் சம்மதம் பெறாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வேறு ஆள் வசம் விட்டது. நான் சொன்ன சின்ன அறை வழக்கு அங்கே போயிருந்தால் ஓனர் பக்கம்தான் பலமாக இருந்திருக்கும். வெறும் எண்ணிக்கை மீறல் என்றால் அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் அக்ரிமெண்ட் காலம் முடியும்போது புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியும். இந்த விவகாரங்களில் பாதி அப்படித்தான் முடிகிறது. உங்கள் அக்ரிமெண்டில் இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால், உரிமைக்காகப் போராடுவதைவிட அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வரும்படி சுமுகமாக முடித்துக்கொள்வதுதான் லாபம்.

கூட ஆள் வெச்சதுக்கு அபராதம்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன்றார்.

அக்ரிமெண்டில் அப்படி ஒரு அபராதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிடிக்க முடியாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் உண்மையில் கொடுக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். வாடகை பாக்கி, ஈபி பாக்கி, உடைந்த பொருள் இவையெல்லாம் அதில் வரும். ஆறு பேர் புழங்கியதால் அடைத்துப்போன குழாயைச் சரிசெய்த பில்லும் வரும், அதை மறுக்காதீர்கள். கோபத்துக்கு விலை போட்டால் அது வராது. போகும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கூடுதல் ஆளே நான்தான். பணம் கொடுத்துத்தான் இருக்கேன். என் பேர்ல ஒண்ணுமே இல்லை. எனக்கு என்ன பாதுகாப்பு?

ஓனரிடம் உங்களுக்கு நேரடி உரிமை ஏதும் இல்லை. உங்கள் கணக்கு உங்களைச் சேர்த்துக்கொண்ட பையனோடுதான். அவனுக்கு 15,000 முன்பணம் கொடுத்திருந்தால் அதை அவனிடம்தான் கேட்க முடியும். போகச் சொன்னால் திருப்பிக் கொடுப்பேன் என்று இன்றைக்கே ஒரு மெசேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஓனருக்கு மெசேஜ் போகும்போது உங்கள் அடையாள அட்டையைத் தரத் தயங்காதீர்கள். தொடர்ந்து இருக்க அனுமதி கிடைப்பதானால் முகம் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

நான் ஓனர். எப்படி எழுதினா சண்டை வராம வேலை நடக்கும்?

நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். "அக்ரிமெண்ட் 4ஆவது பத்தியில் மூன்று பேர் என்று இருக்கிறது. இரண்டு மாதமாக வேறு மூவர் தங்கியிருப்பதாகத் தெரிகிறது. அவர்கள் விவரத்தை 15ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். அதன் பிறகு யார் தொடரலாம் என்று பேசி முடிவு செய்வோம்" என்றால் போதும். தெரிந்தும் நாலு மாதம் பேசாமல் வாடகை வாங்கிக்கொண்டு, ஐந்தாவது மாதம் கொதித்தெழாதீர்கள். சட்டப்படி உங்கள் மௌனம் எழுத்துச் சம்மதம் ஆகாது, ஆனாலும் "தெரிந்துதானே இருந்தீர்கள்" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீரை நிறுத்துவதாக எழுதினால் உங்கள் மெசேஜே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

அக்ரிமெண்ட் போட்ட நாங்க மூணு பேருமே வேலை மாறிப் போயிட்டோம். வீட்ல இப்ப இருக்கறது எல்லாமே புதுப் பசங்க. ஓனருக்குத் தெரியாது. வாடகை போயிட்டிருக்கு.

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். இதுவரை சொன்ன எல்லாச் சமாதானமும் பழையவர்கள் வீட்டில் குடியிருப்பதை வைத்துத்தான். நீங்கள் யாருமே அங்கே இல்லாதபோது வீடு முழுதாகக் கைமாறிவிட்டது. இதை ஷேரிங் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அங்கே ஏதாவது நடந்தால், உங்கள் கையெழுத்து இருக்கும் வீட்டில் நடந்ததாகத்தான் ஆகும். நீங்கள் ஹைதராபாத்தில் இருந்தாலும் போன் உங்களுக்குத்தான் வரும். அட்வான்ஸும் உங்கள் பெயரில்தான் மாட்டியிருக்கிறது.

மெசேஜ் வரும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே இன்றைக்கு ஓனருக்குச் சொல்லுங்கள். புதியவர்களோடு அவர் புது அக்ரிமெண்ட் போட்டு, அவர்களிடம் புது அட்வான்ஸ் வாங்கி, உங்களுடையதைத் திருப்பித் தருவதுதான் சுத்தமான வழி. அவர் மறுத்தால், அக்ரிமெண்டில் உள்ள நோட்டீஸ் காலத்தைக் கொடுத்து வீட்டை ஒப்படையுங்கள். மேலே சொன்ன 24,000 ரூபாய் வீட்டில் இரண்டு பேர் 28ஆவது நாளில் போய்விட்டார்கள். நான்காவது பையன் துணை ஒப்பந்தத்தில் சேர்ந்தான், தண்ணீருக்காக மாதம் 1,500 கூட்டிக்கொண்டார்கள், சின்ன அறைச் சாவி திரும்பவும் ஹாலில் உள்ள ஆணிக்கு வந்தது. அதற்கடுத்த ஈபி பில் 430 யூனிட்.